அத்தை வரைந்த பளிங்கு

என் அத்தைக்குப் பளபளப்பு என்றாலே ஆகாது. எவர்சில்வர் தட்டு, கண்ணாடி போட்ட மேஜை, மதியத்துக்கு மேல் எண்ணெய் வழியும் என் அப்பாவின் நெற்றி, எல்லாம் அவளுக்கு ஒரே கணக்குதான். எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து, அதில் ஜன்னல் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் மூஞ்சியைச் சுளிப்பாள். எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த அன்றே அலமாரிக் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"என் மூஞ்சியை நானே பார்த்துக்கிற மாதிரி இப்ப ஒண்ணும் நடந்துடல, அண்ணி."

வெடுக்கென்று வந்த அந்தப் பதிலுக்காக அம்மா ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தைக்கு அது கவனத்திலேயே இல்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.

அத்தையின் தொழிலை ஒரு வரியில் சொல்ல முடியாது. சோப்பு, கைக்கடிகாரம், முகத்துக்குப் பூசும் க்ரீம் இதையெல்லாம் விற்பவர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள் இல்லையா, பொருளைப் படுக்கவைத்து, நேர் மேலிருந்து எடுத்த படம். அடியில் பார்த்தால் வெள்ளைப் பளிங்கு மேஜை, அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாகக் கரைந்து போகும். ஏதோ பணக்கார வீட்டில் காலை நேரத்தில் எடுத்தது போல் இருக்கும். அந்தப் பணக்கார வீடு எங்கள் மாடி அறையாகக்கூட இருக்கும். அந்தப் பளிங்கு, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. படத்துக்கு இரண்டு அடி தள்ளி எங்கள் பழைய மிக்ஸியும் ஒற்றைக் கால் போன நாற்காலியும் இருக்கும். காமிராவுக்கு அது தெரியாது. காமிரா மாதிரி ஒரு முட்டாள் உலகத்தில் கிடையாது என்பாள் அத்தை.

பலகை செய்யும்போது அவள் பக்கத்தில் நிற்க தைரியம் வேண்டும். பலகையைத் திட்டிக்கொண்டே செய்வாள். முதலில் இரண்டு பக்கமும் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளைந்துகொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். பிறகு பளபளப்பு இல்லாத வெள்ளை. சும்மா டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளை இல்லை, அதில் ஒரு சொட்டுக் கறுப்பும் குச்சி நுனியில் தொட்ட மஞ்சளும் கலப்பாள். அப்படியே விட்டால் படத்தில் நீலமாக, ஆஸ்பத்திரித் தரை மாதிரி வரும். அது காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, நீர்த்த சாம்பல் நிறத்தை அங்கங்கே விட்டு, பஞ்சால் ஒற்றி எடுப்பாள். கடைசியில் ரேகை. மெல்லிய தூரிகையின் வால் நுனியைப் பிடித்து, கையை நடுங்கவிட்டு, உருட்டிக்கொண்டே இழுப்பாள்.

"மார்பிள்ல இருக்கிறது கோடு இல்ல, விரிசல். விரிசல் கிளை விடும். ரெண்டு விரிசல் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்காது. பெருக்கல் குறி போட்டா அது மார்பிள் இல்ல, உன் கணக்கு நோட்டு."

என் கணக்கு நோட்டை நான் திறந்தே வெகு நாள் ஆகிறது. பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பேசிவைத்துப் பிரிந்துவிட்டோம். இப்போது தபாலில் படிக்கிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள்.

ரேகையின் மேல் மறுபடி மெல்லிய வெள்ளை ஒரு பூச்சு. அப்போதுதான் ரேகை கல்லுக்கு உள்ளே இருப்பது போலத் தெரியும். எல்லாம் காய்ந்த பின் மேட் வார்னிஷ், ஸ்பாஞ்சு உருளையால், இரண்டு முறை. பளபளக்கும் வார்னிஷ் போட்டால் ஜன்னல் அப்படியே பலகையில் வெள்ளைத் திட்டாக விழுந்துவிடும்.

ஒருமுறை அவள் செய்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அம்மாவின் அண்ணன் நடத்தும் டைல்ஸ் கடையில், மாதிரி அடுக்கில் செருகிவிட்டு வந்தேன். டைல்ஸ் மாமா அதை எடுத்துத் துடைத்து முன்வரிசையில் வைத்திருக்கிறார். மூன்று வாடிக்கையாளர்கள் அதுதான் வேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். மாமா கிடங்கு முழுக்கத் தேடி, எந்தக் கம்பெனி சரக்கு என்று தெரியாமல், கடைசியில் தட்டிப் பார்த்தபோது டொக்கென்று மரச்சத்தம் வந்ததாம். வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடினார். நான் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவனுக்கே தெரியலேங்கிறது எனக்குப் பாராட்டா? அவனுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?"

பாராட்டு வாங்கத் தெரியாதவள். கொடுக்கவும் தெரியாது.

இந்த டைல்ஸ் மாமாவின் கடையில்தான் அடுத்த மாதத்திலிருந்து அத்தை கல்லாப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அத்தைக்குத் தனியாக வேலை தருகிறவர் யாரும் இல்லை. முன்பெல்லாம் வேலை அவள் புருஷன் ஸ்டுடியோ வழியாக வந்தது. அங்கிருந்து வந்தபின் நின்றுபோனது. யாரும் கேட்காமலேதான் மாடியில் பலகை செய்துகொண்டிருந்தாள். "மாடியில பெயிண்ட் நாத்தம். கீழே வேலை வெட்டி இல்லாத பொண்ணு. ரெண்டையும் நான் எவ்வளவு நாள் பொறுத்துக்கணும்?" என்றார் அப்பா. வேலை வெட்டி இல்லாத பெண் யார் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

அத்தை டைல்ஸ் கடைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அங்கே தரை, சுவர், கூரை எல்லாம் பளபளக்கும். அச்சடித்த மார்பிள், நாலு டைல்ஸுக்கு ஒருமுறை அதே ரேகை அதே இடத்தில். அவளை அங்கே உட்காரவைப்பதும் உயிரோடு புதைப்பதும் ஒன்றுதான். புதைத்தால் பளபளப்பாவது தெரியாது.

அவள் புருஷன் போட்டோக்காரர். அவரை வீட்டில் என்னவென்று குறிப்பிடுவது என்பதே ஒரு சிக்கல். அப்பா "அந்த ஆளு" என்பார். அம்மா "அவர்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வாள். நான் மாமா என்றே கூப்பிட்டுப் பழகியவள், இப்போது முன்னாள் மாமா என்கிறேன். அவர்கள் பிரிந்ததற்கு ஊருக்குச் சொன்ன காரணம் ஒரு கண்காட்சி. அவர் எடுத்த படங்களை மாட்டியிருந்தார்கள். யாரோ, வெளிச்சம் இவ்வளவு மென்மையாக எப்படி வந்தது என்று கேட்க, "வெளிச்சம் நான், பலகை என் வைஃப்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஜன்னலுக்கு ட்ரேசிங் தாள் ஒட்டியது அத்தை. எதிர்ப் பக்கம் கறுப்பு அட்டை நிறுத்தினால் நிழல் பக்கம் இருட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்து நிறுத்தியது அத்தை. மேஜையை ஜன்னலுக்குக் கிட்டே தள்ளினால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும், தள்ளிப் போட்டால் சாவகாசமாகக் கரையும் என்று நாள் முழுக்க மேஜையை இழுத்துக்கொண்டு அலைந்ததும் அத்தை. அவள் கையிலிருந்த காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இதுக்காகவா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"இதுக்காகவும்" என்றாள்.

முன்னாள் மாமா எங்கள் வீட்டுப் படி ஏறியது ஒரு மத்தியானம். நான்தான் கதவைத் திறந்தேன். அக்குளில் ஒரு சுருள், கையில் பாதிப் பலகை.

"என்ன வாலு, உங்க அத்தை மேலயா?"

"மேலதான். நீங்க கீழேயே இருந்தா உங்களுக்கு நல்லது."

அவர் சிரிக்காமல் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். அத்தை பலகைக்கு வார்னிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தூசி வருது. கதவைச் சாத்து. அந்த ஆளை அந்தப் பக்கம் வச்சு."

"ஒரு விஷயம் பேசணும்" என்றார் அவர் உள்ளே நின்றபடி. பாதிப் பலகையைத் தரையில் வைத்தார். அத்தை செய்த வெள்ளைப் பளிங்குதான். ஓரமெல்லாம் ஊறி, ரொட்டி மாதிரி உப்பி, பூச்சு உரிந்திருந்தது.

அத்தை அதை வெகுநேரம் பார்த்தாள். "எங்கே வச்சிருந்தே?"

"பாத்ரூம்ல. இடமில்ல."

"நானும் இடமில்லாமத்தான் இங்க வந்தேன். நான் ஊறல."

விஷயம் இதுதான். ஒரு சோப்புக் கம்பெனியின் கேட்டலாக்கில் பாதியை அவர் இந்தப் பலகையில் எடுத்து முடித்திருந்தார். மீதிப் பாதி இருக்கும்போது பலகை போய்விட்டது. கம்பெனிக்காரருக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேண்டும். இவர் என்ன செய்தார் என்றால், ஏற்கெனவே எடுத்த படம் ஒன்றிலிருந்து பலகையை மட்டும் பெரிதாக வினைல் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துக்கொண்டார். அந்தச் சுருளைத் தரையில் விரித்தார்.

அத்தை குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"இது பலகையோட படம் இல்ல. வெளிச்சம் விழுந்த பலகையோட படம். மேல் மூலை வெளுப்பு, கீழ் மூலை இருட்டு, எல்லாம் இதிலேயே அச்சாகி இருக்கு. இது மேல நீ மறுபடி வெளிச்சம் போட்டா?"

"ரெண்டு மடங்கா விழுது" என்றார் அவர் தரையைப் பார்த்து.

"திருப்பிப் போட்டா?"

"சோப்போட நிழல் ஒரு பக்கம் போகுது. தரை இன்னொரு பக்கம் இருட்டுது."

"கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க?"

"என்னன்னு தெரியல, ஆனா சோப்பு மிதக்குதுன்னாங்க."

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்கும். அவள் விடவில்லை. அந்த "மிதக்குது" என்ற சொல்லை இன்னும் இரண்டு முறை சொல்ல வைத்தாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். பலகை செய்து தருவாள். ஆனால் படம் இந்த அறையில்தான், இந்த ஜன்னலில்தான் எடுக்க வேண்டும். வெளிச்சம் அவள் வைப்பாள். கம்பெனிக்காரர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

"காமிராவை யார் பிடிக்கிறது?"

"நீதான். உனக்கு அதாவது தெரியும்."

அவர் போனதும் அத்தை என்னிடம் திரும்பினாள். "டைல்ஸ் கடையா, இதுவான்னு அன்னைக்குத் தெரிஞ்சுடும். நீ அன்னைக்கு ஏதாவது சேட்டை பண்ணினே, உன்னையும் ரெண்டு பக்கம் ப்ரைமர் அடிச்சுடுவேன்."

புதுப் பலகையில் பழைய ரேகைகளை அப்படியே வரைய அவள் முயற்சி செய்யவே இல்லை. எனக்கு அது அதிர்ச்சி. "எந்தப் பக்கத்திலயும் முழுப் பலகை வராது. மூலை மூலையாத்தான் தெரியும். வெள்ளை அதே வெள்ளையா இருக்கணும், ரேகை அதே நெருக்கத்தில இருக்கணும், வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வரணும். போதும்" என்றாள். பழைய படங்களை வைத்துக்கொண்டு நிழல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பென்சிலால் குறித்தாள். எல்லாவற்றிலும் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து. எங்கள் அறையிலோ, வாசல் பக்கமிருந்து பார்த்தால் ஜன்னல் வலது பக்கம்.

"அப்ப இங்க எடுக்க முடியாதே" என்றேன்.

"குரங்கே, மேலிருந்து எடுக்கிற படத்துக்கு ஏது வலது, இடது? மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நில்லு."

போய் நின்றேன். ஜன்னல் என் இடது பக்கம் வந்துவிட்டது.

படம் எடுக்கும் அன்று காலையிலேயே வீட்டில் சண்டை. அப்பாவுக்கு அந்த ஆள் வீட்டுக்குள் வருவதே பிடிக்கவில்லை. "வரட்டும். நானும் மேலேதான் இருப்பேன். என் வீட்ல நான் எங்க நிக்கணும்னு எவனும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அத்தை ஜன்னலுக்கு ட்ரேசிங் தாளை இழுத்து ஒட்டி, குழல் விளக்கை அணைத்து, அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினாள். விளக்கு வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது.

முன்னாள் மாமா காமிராவைக் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு, மறு முனையில் மணல் பை கட்டி, பலகையை நேராகப் பார்க்கும்படி வைத்தார். ஒயர் போட்டு லேப்டாப்பில் இணைத்தார். சோப்பும் எண்ணெய்க் குப்பியும் வைத்து முதல் படம் எடுத்ததும் நான் எட்டிப் பார்த்தேன். மேல் மூலையில் பால் மாதிரி வெளிச்சம். அது பலகை முழுக்க நடந்து வந்து, கீழ் மூலையில் மெல்லிய சாம்பலாக உட்கார்ந்திருந்தது. எங்கள் மிக்ஸி இருக்கும் அறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முன்னாள் மாமா போய்க் கறுப்பு அட்டையை எடுத்துவிட்டார்.

அத்தை போய் அதை மறுபடி வைத்தாள்.

"இருட்டா இருக்கு."

"பழைய படத்திலயும் அவ்வளவுதான் இருக்கு."

அவர் மறுபடி எடுத்தார். அவள் மறுபடி வைத்தாள். உள்ளங்கை உயர அட்டை அது. இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இதே அட்டையை இதே மாதிரி எத்தனை முறை எடுத்து வைத்திருப்பார்களோ. ஐந்தாவது முறை நடக்கும்போது படியில் சத்தம் கேட்டது. கம்பெனி மேடம் வந்து வாசலிலேயே நின்று இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. உட்கார நாற்காலி கேட்டார். ஒற்றைக் கால் போனதை நான் தள்ளினேன். அத்தை பார்த்த பார்வையில் திரும்ப எடுத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டேன்.

அவருக்குப் பின்னாலேயே அப்பா வந்தார். விருந்தாளி வருகிறார் என்று புதுச்சட்டை போட்டிருந்தார். கிளிப்பச்சை. கண்ணைப் பறிக்கும் பச்சை. ஜன்னலுக்கு நேர் எதிரே, மேஜையை ஒட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, அந்த ஆளை முறைக்க வசதியான இடமாகப் பார்த்து நின்றார்.

"ம், எடுங்க" என்றார் மேடம்.

படம் லேப்டாப்பில் வந்தது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே பார்த்தார். "கீழ்ப் பக்கம் என்ன, பச்சையா அடிக்குது? சோப்பு பூசணம் பிடிச்ச மாதிரி இருக்கு."

நானும் பார்த்தேன். உண்மைதான். நிழல் பக்கம் முழுக்க லேசான பச்சை. குப்பியின் ஓரத்தில் நன்றாகவே தெரிந்தது.

முன்னாள் மாமா நிமிர்ந்தார். அவர் பார்வை அப்பாவின் சட்டையில் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் போனது.

"வெளியில மரம் இருக்கு மேடம். இலையில பட்டு வர்ற வெளிச்சம் பச்சையாத்தான் வரும். இயற்கை வெளிச்சத்தை நம்பினா இதுதான் தொல்லை. மீதியை என் ஸ்டுடியோவில விளக்கு வச்சு எடுத்துடலாம். பலகையை மட்டும் கொண்டு போயிடறேன்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். ட்ரேசிங் தாளுக்குப் பின்னால் மரத்தின் நிழல் தெரிந்தது. இலையும் இருந்தது. தலையை ஆட்டினார்.

முன்னாள் மாமாவுக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பச்சைச் சட்டையில் பட்டு, அங்கிருந்து வெள்ளைப் பலகையில் விழுகிறது. அட்டை அவ்வளவு உயரம் இல்லை, தடுக்காது. படம் எடுக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டே மரத்தின் மேல் பழி போட்டார். அத்தைக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதும் சேர்த்து. அவள் முகம் பலகை மாதிரியே வெளுத்துவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையை யாரிடம் சொல்வது? அவள் தங்குவது அண்ணன் வீட்டில். வாழாவெட்டியாக வந்தவளுக்கு இடம் கொடுத்தேன் என்று மாதம் ஒருமுறை சொல்லிக்காட்டுகிற அண்ணன். அவரை, வேண்டாத மாப்பிள்ளைக்கும் வெளியாளுக்கும் முன்னால், அவர் வீட்டு அறையிலிருந்தே போகச் சொல்ல வேண்டும்.

முன்னாள் மாமா பலகையைத் தூக்கக் குனிந்தார்.

"கையை எடு" என்றாள் அத்தை. பிறகு, "அண்ணா, நீ வெளியே போ."

"என்ன?"

"உன் சட்டை. அதுதான் பச்சை அடிக்குது. கீழே போ."

அப்பா சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "மரம்னு அவனே சொல்றான். நீ என்னைத் துரத்தறே?"

"மரம் காலையிலிருந்து இருக்கு. முதல் படத்தில பச்சை இல்ல. நீதான் இப்ப வந்தே."

"இது என் வீடு."

"தெரியும். தினமும் சொல்றே. படம் முடியற வரைக்கும் கீழே இரு."

"போனா, நீயும் இந்த அறையைக் காலி பண்ணிடணும். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சாச்சு. போ."

அப்பா போனார். கதவை அடித்துச் சாத்தியதில் காமிரா தொங்கிய கம்பி ஆடியது. கம்பி ஆடி ஆடி நிற்கும்வரை நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றதும் முன்னாள் மாமா பட்டனை அழுத்தினார்.

வெள்ளை வெள்ளையாக இருந்தது. சாம்பல் சாம்பலாக இருந்தது.

மேடம் பழைய பக்கம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து லேப்டாப் பக்கத்தில் பிடித்து, மாறி மாறிப் பார்த்தார். பிறகு போட்டோக்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்ப மரம் இல்ல."

"இல்லங்க."

"உங்களுக்குத் தெரியலையா, தெரிஞ்சும் சொல்லலையா?"

அவர் லென்ஸைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குப் பிடிக்காது" என்றார் மேடம். "மீதியை எடுங்க."

சாயங்காலம் வரை எடுத்தார்கள். அதற்குள் வெளிச்சம் மாறும்போதெல்லாம் அத்தை மேஜையை ஜன்னலுக்குக் கிட்டே தள்ளுவாள், சாம்பல் அட்டையை வைத்து நிறத்தைச் சரிபார்க்கச் சொல்வாள். அவர் செய்வார். கறுப்பு அட்டையை அதன்பின் யாரும் தொடவில்லை.

கிளம்பும்போது மேடம் அத்தையிடம், "அடுத்தது மரப்பெட்டியில வர்ற சரக்கு. மரத்தரை மாதிரி வேணும். செய்வீங்களா?" என்றார்.

"மரம் அவளுக்கு அவ்வளவா வராது" என்றார் முன்னாள் மாமா ஒயரைச் சுற்றிக்கொண்டே. கேட்காமலே.

"வராதுதான்" என்றாள் அத்தை. "ரெண்டு மூணு பலகை பாழாகும். நாலாவது சரியா வரும். அவசரம்னா வேற ஆளைப் பாருங்க."

மேடம் யோசித்தார். "அவசரம் இல்ல. படம் எடுக்க ஆளை நீங்களே பார்த்துக்குங்க. இவரா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

"இவர் இல்ல."

முன்னாள் மாமா மணல் பையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாமா என்று எனக்கும் இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. அம்மாகூட மெதுவாக, "இப்பதான் வேலை கிடைச்சுடுச்சே" என்று ஆரம்பித்தாள். "கிடைச்சவங்க வாடகைக்குப் போகட்டும்" என்றார். அத்தை அதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய், பலகைகளைப் பழைய புடவையில் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தாள். சோப்புக் கம்பெனிக் கிடங்கின் மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லியிருந்தாராம். ஜன்னல் பெரிது. கண்ணாடியில் வருஷக்கணக்கான அழுக்கு.

வண்டி வந்த அன்று நான்தான் பலகைகளை இறக்கினேன். அப்பா கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். மேஜையைத் தூக்கும்போது மட்டும் தாள் இறங்கியது.

"மேஜை என்னோடது."

அத்தை நின்றாள். அந்த மேஜையை அவள் எத்தனை அங்குலம் இழுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. "வச்சுடு" என்றாள் என்னிடம். நான் அதைக் கூடத்தின் நட்டநடுவில், அப்பா சமையலறைக்குப் போக முடியாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

கிடங்கு அறையில் அத்தை முதல் வேலையாக என் கையில் ஒரு துணியைக் கொடுத்தாள். நான் ஜன்னலைத் துடைத்தேன். தண்ணீர் சேறாக ஓடியது. துடைக்கத் துடைக்க அறைக்குள் வெளிச்சம் பட்டை பட்டையாக வந்தது. அவள் ஒரு வெள்ளைப் பலகையைத் தரையில் போட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, அது எங்கே விழுகிறது, எங்கே கரைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்றால், இல்லை. கணக்குப் போடும் முகம்தான்.

என் போன் அடித்தது. அப்பா.

"எங்க இருக்கே?"

"அத்தையோட."

அந்தப் பக்கம் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. "அங்க வெளிச்சம் வருதாமா?"

"அத்தைகிட்ட குடுக்கட்டா? நீங்களே கேளுங்க."

போனை வைத்துவிட்டார்.

"யாரு?" என்றாள் அத்தை, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பா. வெளிச்சம் வருதான்னு கேட்டார்."

அவள் பலகையை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்தினாள்.

"மேல் கண்ணாடியைத் துடைக்கவே இல்ல பாரு. ஸ்டூல் போட்டு ஏறு."